சாவி வாங்கும் முன் ஒன்றரை மணி நேரம்

வாடகை வீட்டில் குழாய் ஒழுகினால் அதைச் சரிசெய்ய வேண்டியவர் யார் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் விடை இருக்கிறது. பலர் நினைப்பதற்கு அது நேர்மாறானது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்த 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பழுதுபார்க்கும் வேலைகளை இரண்டாகப் பிரிக்கிறது. கட்டடத்தின் பெரிய பழுதுகள், வெள்ளையடித்தல், தண்ணீர்க் குழாய் வரிசையை மாற்றுதல், மின்கம்பி வேலை ஆகியவை உரிமையாளர் பக்கம் வருகின்றன. திருகு குழாயும் அதன் வாஷரும், சுவிட்சும் பிளக் பாயின்ட்டும், கதவுப் பூட்டும் கைப்பிடியும் வாடகைதாரர் பக்கம் விழுகின்றன. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ள இடம் உண்டு. எழுதாவிட்டால் இந்தப் பிரிவினைதான்.

ஆகவே முன்பு இருந்தவர் விட்டுப்போன பழுது, சாவி கைமாறிய அன்றே புதிதாக வருபவரின் செலவாகிவிடக்கூடும். காலி செய்யும்போது அதே பழுதைக் காட்டி அட்வான்ஸில் பிடிக்கவும் செய்யலாம். இதைத் தடுக்க ஒரே வழி, குடியேறும் முன்பே ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்த்து, கண்டதை எழுதி, உரிமையாளரின் ஒப்புதலைப் பெற்றுவிடுவது. இரண்டு படுக்கையறை வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் போதும்.

சோதனைக்குப் போகும் நாளில் மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீரும் வீட்டில் மின்சாரமும் இருக்க வேண்டும். பூட்டிக்கிடந்த வீடுகளில் மெயின் வால்வை மூடி, மெயின் சுவிட்சை இறக்கி வைத்திருப்பார்கள். இரண்டையும் திறந்து வைக்கும்படி முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. கையில் 10 லிட்டர் வாளி, ஒரு டம்ளர், காகிதக் கைக்குட்டை, கொஞ்சம் மஞ்சள் தூள், சாக்கட்டி, டார்ச், டெஸ்டர், ஓர் இஸ்திரிப் பெட்டி, அளவு நாடா இருக்கட்டும். பேரம் பேச வந்த நாளிலேயே இதையெல்லாம் செய்ய முடியாது. வாடகை பேசி முடித்து, அட்வான்ஸின் பெரும்பகுதி இன்னும் கைமாறாத நிலையில் ஒருநாள் பகலில் போவதே சரி.

வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லா மின்விசிறிகளையும் முழு வேகத்தில் ஓட விட்டுவிடலாம். மின்விசிறியின் குறைகள் பல, அது சூடேறிய பிறகுதான் தெரியும். அது ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் குழாய்களைப் பார்த்து முடித்துவிடலாம்.

குழாயில் முதலில் பார்க்க வேண்டியது வரத்து. வாளியை வைத்து முழுதாகத் திறந்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைப்பேசியில் பார்க்க வேண்டும். ஒரு நிமிடத்தில் 10 லிட்டர் நிரம்பினால் தாராளம். இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் குளியலறையில் காலை நேரம் சிரமமாகத்தான் இருக்கும். வரத்து குறைவாக இருப்பது பழுதுதான் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. தொட்டிக்கும் குழாய்க்கும் உள்ள உயர வித்தியாசமே அழுத்தத்தைத் தருகிறது. 10 மீட்டர் கீழே இருக்கும் தரைத்தள வீட்டுக்குக் கிடைக்கும் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூட, 3 மீட்டர் கீழே இருக்கும் மேல்மாடி வீட்டுக்குக் கிடைக்காது. மேல்மாடியில் எல்லாக் குழாயிலும் ஒரே அளவு மெலிந்து வந்தால் அது அந்த வீட்டின் இயல்பு. அதை மாற்ற மோட்டார் வைக்க வேண்டும், அல்லது தொட்டியை உயர்த்த வேண்டும். ஒரு குழாயில் மட்டும் மெலிந்து வந்தால் அதன் வாயில் உள்ள சல்லடையில் உப்பு அடைத்திருக்கும். சென்னையின் போர் தண்ணீருக்கு இது அடிக்கடி நடப்பது. சல்லடையைக் கழற்றி ஓரிரவு வினிகரில் ஊறவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். குளியலறை முழுவதிலும் மெலிந்து, சமையலறையில் நன்றாக வந்தால் குளியலறைக்குப் போகும் வால்வு பாதி மூடியிருக்கலாம். பழைய இரும்புக் குழாயாக இருந்தால் உள்ளே துரு பிடித்துக் குறுகியிருக்கலாம். முதல் தண்ணீர் செம்பழுப்பாக வந்தால் அந்தச் சந்தேகம் வலுப்படும். குழாய் வரிசையை மாற்றுவது உரிமையாளரின் வேலை என்பதால் இது குறித்துவைக்க வேண்டிய விஷயம்.

அடுத்தது கசிவு. குழாயைச் சாதாரண விசையில் மூடி, வாயைத் துடைத்து, கீழே டம்ளரை வைத்துவிட்டு 10 நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். முழு பலத்தோடு இறுக்கி மூடிப் பார்ப்பது சோதனை ஆகாது. அப்படி இறுக்கினால் தேய்ந்த வாஷரும் அந்த நேரத்துக்கு அடைத்துக்கொள்ளும். 10 நிமிடத்தில் டம்ளரில் 100 மில்லி சேர்ந்தால் நாளுக்கு 14 லிட்டருக்கு மேல் போகிறது. பல சுற்று திருகும் பழைய குழாயில் இது வாஷர் தேய்மானம். சில ரூபாயில் தீரும். புது வாஷர் போட்டும் ஒழுகினால் வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பு அரிக்கப்பட்டிருக்கிறது, குழாயையே மாற்ற வேண்டும். கால் சுற்றில் திறக்கும் புது வகைக் குழாயில் வாஷருக்குப் பதில் பீங்கான் வட்டுகள் கொண்ட உள்பாகம் இருக்கும். அது பழுதானால் அந்த உள்பாகத்தை முழுசாக மாற்ற வேண்டும். திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடியின் அடியில் கசிந்தால் அது வேறு பழுது. அதனால் ஒவ்வொரு குழாயையும் திறந்த நிலையிலும் ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும்.

பலரும் பார்க்காமல் விடும் இடம் வாஷ்பேசினின் அடிப்பகுதி. பேசினை அடைத்து முக்கால் பாகம் நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிட்டு, டார்ச்சோடு கீழே குனிந்து ஒவ்வொரு இணைப்பையும் காகிதக் கைக்குட்டையால் ஒற்றிப் பார்க்க வேண்டும். கைக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் தெரிந்துவிடும். அங்கேயே சுவரோடு ஒட்டி இருக்கும் ஆங்கிள் காக்கைத் திருகிப் பார்ப்பது இன்னும் முக்கியம். உப்புத் தண்ணீரில் வருடக்கணக்கில் தொடாமல் கிடந்தால் அது இறுகிப்போகும். இணைப்புக் குழாய் நள்ளிரவில் பிய்த்துக்கொண்டால் தண்ணீரை நிறுத்த அதுதான் கிட்டே இருக்கும் வழி. திரும்பவில்லை என்றால் பலவந்தமாகத் திருகாமல் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் முறிந்தால் வீடு வெள்ளக்காடாகும். வீட்டுக்கான மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்பதையும் இப்போதே கேட்டு, ஒருமுறை மூடித் திறந்து பார்த்துவிட வேண்டும்.

கழிப்பறை பிளஷ் தொட்டியின் கசிவு சத்தமில்லாதது. தொட்டித் தண்ணீரில் ஒரு கரண்டி மஞ்சள் தூளைக் கலந்துவிட்டு, 20 நிமிடம் பிளஷ் செய்யாமல் விட்டால் போதும். கோப்பைக்குள் மஞ்சள் தெரிந்தால் அடி ரப்பர் சரியாக மூடவில்லை. குளியலறைத் தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்து, அது சாக்கடை வாய்க்குப் போகிறதா, கதவுப் பக்கம் வருகிறதா என்றும் பார்த்துவிடலாம்.

பூட்டில் செய்ய வேண்டிய சோதனை எளிது, ஆனால் வரிசை முக்கியம். முதலில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைப் போட்டுத் திருக வேண்டும். பூட்டின் நாக்கு முழுதாக வெளியே வந்து, முழுதாக உள்ளே போக வேண்டும். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அதையே செய்ய வேண்டும். திறந்த நிலையில் வழுக்கிக்கொண்டு வேலைசெய்து, சாத்திய நிலையில் சாவி மல்லுக்கு நின்றால் பூட்டில் குறையில்லை. கீல் தளர்ந்து கதவு இறங்கியிருக்கிறது, அல்லது மழை ஈரத்தில் மரம் பருத்திருக்கிறது. நாக்கின் முனையில் சாக்கட்டி தடவிச் சாத்தித் திருகினால், நிலையில் உள்ள தகட்டில் எங்கே இடிக்கிறது என்பது வெள்ளையாகப் பதியும். துவாரத்துக்குக் கீழே பதிந்தால் கதவு இறங்கிவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக் கதவை லேசாக மேலே தூக்கினால் ஆட்டம் தெரியும். கீல் திருகாணியை மாற்ற வேண்டிய வேலைக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போடுவது வீண் செலவு, அந்தப் பூட்டும் ஆறு மாதத்தில் அதே போல மல்லுக்கு நிற்கும். திறந்த நிலையிலேயே சாவி சிக்கினால்தான் பூட்டின் உள்பாகம் பழுது. அதற்கும் முன் பென்சில் கரித்தூளைச் சாவியில் தடவிப் போட்டுப் பார்க்கலாம். தேங்காய் எண்ணெய் விட்டால் அன்றைக்கு இளகும், பிறகு தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கொடுக்கப்படும் எல்லாச் சாவிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எண்ணிக்கையை எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கும் மேலான கேள்வி, கொடுக்கப்படாத சாவி எத்தனை என்பது. முன்பு குடியிருந்தவர், அவர் வீட்டு வேலைக்கு வந்தவர், வீடு காட்டிய தரகர் என யாரிடம் நகல் இருக்கிறது என்று உரிமையாளருக்கே தெரியாமல் இருக்கலாம். சிலிண்டர் வகைப் பூட்டாக இருந்தால் சாவி நுழையும் சிலிண்டரை மட்டும் மாற்றினால் பழைய சாவிகள் அத்தனையும் செல்லாமல் போகும். முழுப் பூட்டையும் பெயர்க்க வேண்டியதில்லை. வாசல் கதவுக்கு இந்த மாற்றத்தைச் செய்துகொள்ள உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுவது, தனியாக இருக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் தவிர்க்கக் கூடாத ஒன்று.

வாசல் கதவின் உள்தாழ்ப்பாள், பால்கனிக் கதவு, ஜன்னல் கொண்டிகள் எல்லாம் போட்டு எடுத்துப் பார்க்க வேண்டியவை. குளியலறைத் தாழ்ப்பாளைச் சோதிக்கும்போது மட்டும் வெளியே ஒருவர் நிற்க வேண்டும். உள்ளே சிக்கிக்கொள்ளும் தாழ்ப்பாள் சிறு குழந்தை இருக்கும் வீட்டில் ஆபத்து.

மின்சாரச் சோதனை மீட்டருக்கு அடுத்த பெட்டியில் தொடங்குகிறது. அதில் ‘டெஸ்ட்’ என்ற சிறு பொத்தான் உள்ள சுவிட்ச் ஒன்று இருந்தால் அது ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவு காப்பான். மின்சாரம் போக வேண்டிய பாதையை விட்டு மனித உடல் வழியாகவோ ஈரச்சுவர் வழியாகவோ மண்ணுக்குப் போனால் அதை உணர்ந்து இணைப்பைத் துண்டிப்பது அதன் வேலை. வீடுகளில் பொதுவாக இருப்பது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் துண்டிக்கும் வகை. டெஸ்ட் பொத்தானை அழுத்தியதும் அது டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது இருந்தும் இல்லாததுதான். விழுந்ததை மறுபடி ஏற்றும்போது நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தால் வீட்டுக்குள் எங்கோ கசிவு இருக்கிறது. இந்தப் பொத்தான் எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்று சொல்லாது, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் ஆர்.சி.சி.பி.யே இல்லாமல் பியூஸ் கட்டைகள் மட்டும் இருக்கும். கட்டையில் உரிய மெல்லிய பியூஸ் கம்பிக்குப் பதில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தால் அது பாதுகாப்பையே எடுத்துவிட்டதற்குச் சமம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லாமல் அந்த வீட்டில் குடியேறுவது சரியல்ல.

சுவிட்சுகளை ஒவ்வொன்றாக நாலைந்து முறை போட்டு அணைக்க வேண்டும். போடும்போது தெளிவான கிளிக் வேண்டும். பாதியில் நிற்பதும், போட்ட பிறகு எண்ணெயில் கடுகு பொரிவது போல மெல்லிய சத்தம் வருவதும் உள்ளே தொடுமுனை தளர்ந்ததற்கான அடையாளம். அணைக்கும் நொடியில் கணநேரம் தெரியும் நீலப்பொறி இயல்பானது. பிளக் பாயின்ட்டின் ஓட்டைகளைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால், அங்கே முன்பு சூடேறியிருக்கிறது. இதை உறுதிசெய்ய இஸ்திரிப் பெட்டி உதவும். 1000 வாட் பெட்டி 230 வோல்ட்டில் எடுப்பது 4 ஆம்பியருக்குச் சற்று மேல் என்பதால், 6 ஆம்பியர் சாதாரண பாயின்ட்டிலும் போடலாம். 10 நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு சுவிட்ச் போர்டைப் புறங்கையால் தொட்டால் வெதுவெதுப்புக்கு மேல் இருக்கக் கூடாது. 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் எடுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பவர் பாயின்ட் வேண்டும். குளியலறையில் அது இருக்கிறதா என்று பார்ப்பதோடு, அந்த இடத்தில் தண்ணீர் தெறிக்குமா என்றும் பார்க்க வேண்டும்.

டெஸ்டரால் மூன்று ஓட்டைகளையும் பார்க்கும்போது, மேல் ஓட்டை எர்த், வலது பேஸ், இடது நியூட்ரல் என்பதே இந்திய வழக்கம். சுவிட்சைப் போட்டால் வலது ஓட்டையில் மட்டும் விளக்கு எரிய வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் எங்காவது எரிந்தால், அந்தச் சுவிட்ச் பேஸுக்குப் பதில் நியூட்ரலைத் துண்டிக்கிறது என்று பொருள். அணைத்துவிட்டோம் என்று நம்பி மிக்சியைத் தொடுபவருக்கு அடிக்கக்கூடிய நிலை அது. மேல் ஓட்டையில் எரிந்தால் உடனே மெயினை இறக்கிவிட வேண்டும். காலில் செருப்பும் கையில் ஈரமின்மையும் கட்டாயம், போர்டின் மூடியைக் கழற்றக் கூடாது. எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்பதை டெஸ்டரால் அறிய முடியாது. பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் நிற்கப்போகும் இரண்டு பாயின்ட்களிலாவது எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்ப்பது நல்லது.

இதற்குள் மின்விசிறிகள் அரை மணி நேரம் ஓடியிருக்கும். காற்று முழு வேகத்திலும் மந்தமாக இருந்தால் பெரும்பாலும் கண்டென்சர் வலுவிழந்திருக்கும். சீலிங் மின்விசிறிக்கு வழக்கமாகப் போடுவது 2.5 மைக்ரோ பாரட், 100 ரூபாய்க்குள் கிடைக்கும். கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றத் தொடங்குகிறது என்றால் கண்டென்சர் மீதுதான் முதல் சந்தேகம். காற்று கீழே வராமல் கூரைப் பக்கம் போனால் மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது, இணைப்பை மாற்றிக் கொடுத்திருப்பார்கள். ரெகுலேட்டரை ஒன்றிலிருந்து ஐந்து வரை திருப்பும்போது ஒவ்வொரு நிலையிலும் வேகம் மாற வேண்டும். ஐந்தில் மட்டும் ஓடினால் ரெகுலேட்டர் பழுது, மின்விசிறி நலம்.

ஓடும் மின்விசிறியை அணைத்துவிட்டுக் கேட்டால், மோட்டார் ஓசையும் காற்றின் ஓசையும் அடங்கிய பின் பேரிங் பேசத் தொடங்கும். கரகரவென்ற ஓசையும், சுழன்று சுழன்று மெல்ல நிற்காமல் சட்டென்று நின்றுவிடுவதும் பேரிங் தேய்ந்ததைச் சொல்லும். ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் இறக்கை. இறக்கை நுனி ஒவ்வொன்றையும் வரிசையாக ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து கூரையிலிருந்து அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஒன்று மட்டும் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் அது வளைந்திருக்கிறது. மூன்றும் சமமாக இருந்தும் ஆடினால் மேலே மூடிக்குள் கொக்கியைப் பிடித்திருக்கும் போல்ட், ரப்பர் உருளை, பாதுகாப்பு ஊசி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அந்த ஊசி இல்லாத மின்விசிறியின் கீழே கட்டில் போடக் கூடாது.

இதெல்லாம் எழுத்தில் எப்படி வரும் என்பதற்கு ஓர் உதாரணம். வேளச்சேரியில் மூன்றாம் மாடி வீடு, வாடகை 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சோதனையில் ஐந்து குறைகள் தெரிகின்றன: எல்லாக் குழாயிலும் வாளி நிரம்ப ஒன்றரை நிமிடம், பேசின் ஆங்கிள் காக் இறுகியிருக்கிறது, வாசல் கதவு இறங்கியிருக்கிறது, சமையலறை பாயின்ட் ஒன்று பழுப்பேறிச் சூடாகிறது, ஹால் மின்விசிறி மந்தம். முதலாவது மேல்மாடி வீட்டின் இயல்பு, அதைக் கேட்டுப் பயனில்லை, தெரிந்து சம்மதித்தால் போதும். ஆங்கிள் காக், கதவுக் கீல், சமையலறை பாயின்ட் மூன்றையும் உரிமையாளர் குடியேறும் முன் செய்து தர வேண்டும் என்று கேட்பது நியாயம். பாயின்ட் சூடாவதற்குக் காரணம் சுவரின் உள்ளே உள்ள கம்பி என்றால் அது சட்டப்படியே அவர் பொறுப்பு. மின்விசிறிக் கண்டென்சர் போன்ற சிறு செலவை வாடகைதாரரே ஏற்றுக்கொள்வது பேச்சைச் சுமுகமாக முடிக்க உதவும்.

ஒப்பந்தத்தோடு இணைக்கும் தாளில் “குழாய் பழுது” என்று பொதுவாக எழுதக் கூடாது. “வடக்குப் படுக்கையறைக் குளியலறை, பேசின் அடியில் உள்ள ஆங்கிள் காக் திரும்பவில்லை” என்று இடத்தோடு எழுத வேண்டும். மின்விசிறி எத்தனை, சாவி எத்தனை, பழுது சரிசெய்ய ஒப்புக்கொண்ட தேதி எது என்பவையும் அதில் இருக்கட்டும். இருவரும் கையெழுத்திட்டு, படங்களையும் அன்றே வாட்ஸ்அப்பில் உரிமையாளருக்கு அனுப்பிவிட்டால் தேதியோடு பதிவாகிவிடும். பகலில் ஒன்றரை மணி நேரத்தில் தெரியாதவையும் உண்டு. காலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் குழாய் திறந்திருக்கும்போது குறையும் வரத்தும், இரவில் ஏ.சி.கள் ஓடும்போது இறங்கும் வோல்ட்டேஜும் குடியேறிய பிறகே தெரியும். அதற்காக, குடியேறிய 15 நாளுக்குள் தெரிவிக்கும் பழுதுகள் முன்பிருந்தவையாகவே கருதப்படும் என்று அதே தாளில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். மழையில் கதவு பருப்பதற்கு அந்த 15 நாளும் போதாது. ஜூனில் குடியேறுபவர் அதை மட்டும் வடகிழக்குப் பருவமழை வரை தனியாக நீட்டி எழுதிக்கொள்ள வேண்டும்.